நான்கு மணி நேரத்தில் 54 டிகிரி: வெற்றிடம் போன பிளாஸ்க்கை என்னிடம் விற்ற விதம்

உடல்நலமின்றி மருத்துவமனையில் இருந்த என் தாயாருக்குத் துணையாகச் சில வாரங்கள் இரவில் தங்க வேண்டியிருந்தது. நள்ளிரவில் விழிக்கும்போது சூடான தேநீர் கேட்பார் என்பதற்காக, ஒரு லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்றை வாங்கினேன். அதன் பெட்டியில் ‘12 மணி நேரம் சூடாக இருக்கும்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எத்தனை டிகிரி இருந்தால் அதைச் சூடு என்று கொள்வது என்பது பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இரவு எட்டு மணிக்கு ஊற்றிய தேநீர் பன்னிரண்டு மணிக்கு வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

கடைக்குச் சென்று சொன்னபோது விற்பனையாளர் மூன்று காரணங்களை அடுக்கினார். “வெந்நீர் ஊற்றி முதலில் பிளாஸ்க்கைச் சூடாக்கியிருக்க மாட்டீர்கள், மூடியைச் சரியாக இறுக்கியிருக்க மாட்டீர்கள், முழுதாக நிரப்பியிருக்க மாட்டீர்கள்” என்றார். தவறு என்னுடையது என்று நானும் பாதி நம்பி வீடு திரும்பினேன். பிறகு சமையலறை வெப்பமானியைக் கொண்டு அளந்து பார்த்தபோதுதான், அந்த மூன்று காரணங்களும் இந்தப் பிளாஸ்க்குக்குப் பொருந்தவே முடியாது என்பது தெரிந்தது. இதே பதில் மற்றவர்களுக்கும் சொல்லப்படும் என்பதால், அளந்த முறையை முழுமையாக எழுதுகிறேன்.

அறையின் வெப்பநிலை 28 டிகிரி. கொதித்த நீரைக் கழுத்துவரை ஊற்றி மூடியபோது உள்ளே 92 டிகிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து 79, அடுத்த மணியில் 69, பிறகு 61, நான்காம் மணியின் முடிவில் 54. முதலில் 13 டிகிரி இறங்கியது கடைசியில் 7 டிகிரிதான் இறங்குகிறது என்பதால், போகப் போகப் பிளாஸ்க் நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றலாம், அது உண்மையன்று. நீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 64, 51, 41, 33, 26. ஒவ்வொரு மணி நேரத்திலும் எஞ்சியிருக்கும் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. வெப்பம் வெளியேறும் வேகம் அந்த வேறுபாட்டின் அளவைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701-இல் சொன்ன விதி இதுதான். ஆகவே ஒரு பிளாஸ்க்கின் தரத்தைச் சொல்லுவது ‘எத்தனை மணி நேரம்’ என்ற எண் அன்று. மணிக்கு எவ்வளவு பங்கை அது இழக்கிறது என்பதே. உறவினர் ஒருவரிடமிருந்த அதே கொள்ளளவுள்ள பழைய பிளாஸ்க்கை அதே முறையில் சோதித்தேன். அது 6 மணி நேரத்துக்குப் பிறகும் 77 டிகிரியில் இருந்தது. அதாவது மணிக்கு இருபதில் ஒரு பங்குகூட இழக்கவில்லை.

இனி விற்பனையாளரின் காரணங்களுக்கு வருவோம். முன்கூட்டிச் சூடாக்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது தொடக்க வெப்பநிலையை மட்டுமே உயர்த்தும்; இறங்கும் விகிதத்தைத் தொடாது. உட்சுவரின் எஃகு 200 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், அதைச் சூடாக்க ஒரு லிட்டர் நீர் இழக்க வேண்டியது ஒன்றரை டிகிரி அளவுதான். மறுநாள் ஐந்து நிமிடம் வெந்நீர் வைத்துச் சூடாக்கிய பிறகே நிரப்பினேன். இடையில் ஒரு முறைகூடத் திறக்கவுமில்லை. தொடக்கம் 94 டிகிரி ஆயிற்று. நான்கு மணி நேரத்துக்குப் பின் 55. இரண்டு முன்னெச்சரிக்கைகளும் சேர்ந்து எனக்கு ஈட்டித் தந்தது ஒரே ஒரு டிகிரி.

மூடியைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் முக்கியமானது, ஏனெனில் கசியும் மூடி உண்மையிலேயே பெருங்கேடு செய்யும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. என் பிளாஸ்க் நான்கு மணி நேரத்தில் இழந்த 39 டிகிரிக்கும் ஆவிதான் காரணம் என்றால், 70 கிராமுக்கு மேல் நீர் குறைந்திருக்க வேண்டும். மூடிய பிளாஸ்க்கை முன்னும் பின்னும் தராசில் வைத்தேன்: குறைந்தது 2 கிராம். மூடியும் அதன் ரப்பர் வளையமும் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தன.

எஞ்சியது சுவர். ஜேம்ஸ் டுவார் 1892-இல் உருவாக்கிய அமைப்பையே இன்றைய பிளாஸ்க்குகளும் பின்பற்றுகின்றன: இரண்டு சுவர்கள், நடுவே காற்று அகற்றப்பட்ட இடைவெளி, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான பரப்பு. வெற்றிடம் சரியாக இருந்தால் வெப்பம் போக எளிய வழிகள் இரண்டு சுவர்களும் இணையும் கழுத்தும் மூடியும்தாம். உறவினரின் பிளாஸ்க் முதல் மணி நேரத்தில் இழந்தது சுமார் 3.5 வாட், என்னுடையது 15 வாட். இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. வெற்றிடம் பாதி போனால் பாதிப் பயனாவது கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. அந்தக் குறுகிய இடைவெளியில் காற்று நூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தாலும், அது வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழ முன்போலவே இருக்கும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாமலேயே ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் செல்லும் அளவுக்குக் காற்று அருகினால்தான் கடத்தல் விழத் தொடங்குகிறது. எனவே பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்துளை இருந்தாலே போதும், பிளாஸ்க் வெறும் இரட்டைச் சுவர்ப் பாத்திரமாகிவிடும். வெளியே ஒரு கீறலோ ஒடுக்கோ இல்லாமல் அது புத்தம்புதிதாகவே தெரியும்.

கடைக்காரருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நிரப்பும் அளவைப் பற்றி அவர் சொன்னது பொதுவாக உண்மையே. அரை லிட்டர் மட்டும் ஊற்றினால், வெளியேறும் வாட் பெரிதும் குறையாது, வெப்பத்தைத் தாங்கும் நீர் மட்டும் பாதியாகிவிடும். ஆகவே ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஆறும். நல்ல பிளாஸ்க்கிலும் 6 மணி நேரத்தில் 77-க்குப் பதிலாக 65 டிகிரி அளவில்தான் நிற்கும். பாதி நிரப்பிவிட்டுக் குறை சொல்லாதீர்கள். நான் இரண்டு நாளும் கழுத்துவரை நிரப்பியிருந்தேன்.

பால் சேர்த்த தேநீரானால் இது சுவையோடு முடியும் விஷயமும் அன்று. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பாலில் கிருமிகள் பெருகத் தொடங்கும். என் பிளாஸ்க் அந்த எல்லையை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுப் பின்னரே கடந்துவிட்டது. நோயாளிக்கு அதை நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதைக்கிறது.

அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு மீண்டும் கடைக்குச் சென்றேன். மாற்றித் தருவதற்கான ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார்கள். முதல் முறை நான் வந்தது நான்காம் நாள் என்று சொன்னதற்கு, அன்று புகார் எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். ஆகவே முதல் நாளிலேயே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதற்கும் முன்பாக, பணம் கொடுக்கும் முன் கொதிநீர் நிரப்பி மூடித் தரச் சொல்லி, பத்து நிமிடம் நின்று, கழுத்துக்குக் கீழே உடல் பகுதியை உள்ளங்கையால் சுற்றிலும் தொட்டுப் பாருங்கள். கழுத்தோரம் மட்டும் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. நடுப்பகுதியோ அடிப்பகுதியோ வெதுவெதுப்பாகத் தெரிந்தால் வெற்றிடம் இல்லை. என்னுடையதில் ஐந்தாவது நிமிடத்திலேயே அந்தச் சூடு கைக்குத் தெரிகிறது.