பூச்சி குறைவது வேறு, நிலைப்பது வேறு: ஒட்டுண்ணிக் குளவிக்கு மூன்று கணித மாதிரிகள்

ஒட்டுண்ணிக் குளவி பூச்சியின் உடலுக்குள்ளோ மேலோ முட்டையிடும். பொரித்த புழு அந்தப் பூச்சியைத் தின்று முடித்து, குளவியாக வெளியே வரும். தாக்கப்பட்ட பூச்சி ஒன்று போனால் அதன் இடத்தில் குளவி ஒன்று வரும் என்பதால், இந்த உறவைக் கணக்கில் எழுதுவது மற்ற இரை–எதிரி உறவுகளைவிட எளிது. இந்தக் கணக்குக்கு வழக்கத்தில் உள்ள மூன்று மாதிரிகளை இங்கே ஒரே எண்களை வைத்து ஓட்டிப் பார்க்கலாம். கேள்விகள் இரண்டு: பூச்சி எவ்வளவு குறைகிறது? குறைந்த இடத்தில் நிற்கிறதா?

எண்கள் பசுமைக்குடில் வெள்ளை ஈயையும் அதைத் தாக்கும் என்கார்சியா ஃபார்மோசா குளவியையும் வைத்து பர்னெட் 1958-இல் வெளியிட்ட ஆய்வக வளர்ப்புக்குப் பொருத்தப்பட்டவை. R = 2, அதாவது தாக்கப்படாத பூச்சி ஒன்று அடுத்த தலைமுறைக்கு இரண்டு பூச்சி தரும். a = 0.068, இது ஒரு குளவியின் தேடும் திறன். c = 1, தாக்கப்பட்ட பூச்சி ஒன்றுக்குக் குளவி ஒன்று. தொடக்கத்தில் பூச்சி 24, குளவி 12.

முதல் மாதிரி: நிக்கல்சன்–பெய்லி

1935-இல் வந்த இந்த மாதிரியில் குளவிகள் கண்மூடித்தனமாக, எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேடுகின்றன. H பூச்சி, P குளவி என்றால்:

H(t+1) = R·H·e^(−aP)
P(t+1) = c·H·(1 − e^(−aP))

e^(−aP) என்பது குளவியிடமிருந்து தப்பும் பூச்சிகளின் பங்கு. சமநிலையில் பூச்சி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆகவே R மடங்கு பெருகுவதை இந்தப் பங்கு சரியாக ஈடுகட்ட வேண்டும்: e^(−aP) = 1/R. இதிலிருந்து P* = ln R / a = 10.2. இரண்டாம் சமன்பாட்டில் இதை இட்டால் H* = R·ln R / (a·c·(R−1)) = 20.4.

இனி நிலைப்பு. சமநிலையிலிருந்து சற்றே தள்ளிவிட்டால் அந்த விலகல் அடுத்த தலைமுறையில் என்னவாகும் என்பதைச் சொல்வது நான்கு பகுதி வகைக்கெழுக்கள் கொண்ட அணி:

J = [ 1 , −aH* ; c(1−1/R) , ln R/(R−1) ]

மூலைவிட்டக் கூட்டல் T = 1 + 0.693 = 1.693. அணிக்கோவை D = R·ln R/(R−1) = 1.386. நிலைப்புக்கான நிபந்தனை |T| < 1 + D < 2. இடப்பக்கம் சரியாக இருக்கிறது. ஆனால் 1 + D = 2.386, எனவே வலப்பக்கம் உடைகிறது. R-ஐ மாற்றியும் பயனில்லை. R ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும்போதெல்லாம் R·ln R, R−1-ஐ விடப் பெரிது. இந்த மாதிரி ஒருபோதும் நிலைக்காது.

எப்படி உடைகிறது என்பதையும் D சொல்லிவிடும். இங்கே T² < 4D என்பதால் விலகல் அலையாக ஆடும்; ஒவ்வொரு தலைமுறையிலும் அலையின் வீச்சு √D மடங்காகும். √1.386 = 1.177. ஓர் அலை முடிய ஏறக்குறைய 8 தலைமுறை ஆகும், அதற்குள் வீச்சு நான்கு மடங்கை நெருங்கிவிடும். கையால் ஓட்டினாலும் இதுவே வருகிறது. பூச்சி 3-ஆம் தலைமுறையில் 14-க்கு இறங்கி, 8-ஆம் தலைமுறையில் 39-க்கு ஏறி, 11-இல் 4.6-க்கு விழுந்து, 18-இல் 183-ஐத் தொடுகிறது. குளவி 13-ஆம் தலைமுறையில் 0.66, 14-இல் 0.38. அரைக் குளவி என்று ஒன்று உலகில் கிடையாது. திரையில் மீண்டெழும் அந்தக் கோடு உண்மையில் அங்கேயே அறுந்திருக்கும். குளவி அழிந்து, தடையில்லாத பூச்சி மட்டும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் மாதிரி: பூச்சிக்கும் இட நெருக்கடி

பெடிங்டன், ஃப்ரீ, லாட்டன் ஆகியோர் 1975-இல் முன்வைத்த மாதிரி இது. குளவி இல்லாவிட்டாலும் பூச்சி எல்லையின்றிப் பெருகாது. செடி தாங்கும் அளவு K என்று ஒன்று உண்டு.

H(t+1) = H·e^(r(1−H/K) − aP)

குளவியின் சமன்பாடு பழையபடியே. r = ln 2 = 0.693 என்று வைத்தால் பெருக்கம் முதல் மாதிரியோடு ஒத்துப்போகும். இங்கே கவனிக்க வேண்டிய எண் q = H*/K. குளவி வந்தபின் பூச்சி பழைய அளவில் எத்தனை பங்காகக் குறைந்தது என்பதே அது. x = r(1−q) என்று எழுதினால்

D = (1 − rq)·x/(e^x − 1) + x

q = 0.5 எனில் D = 0.89, நிலைக்கும். q = 0.4 எனில் D = 0.999, விளிம்பில் நிற்கும். q = 0.1 எனில் D = 1.29, முதல் மாதிரியைப் போலவே உடையும். நம் எண்களில் K ஏறக்குறைய 45-க்குள் இருந்தால்தான் நிலைப்பு. K 200 என்றால் பூச்சி 20-இல் சமநிலை காணும், ஆனால் அங்கே நிற்காது.

இதை உயிரியல் கட்டுப்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சி பத்தில் நாலு பங்குக்குக் கீழே போனால் இந்த மாதிரியில் நிலைப்பு போய்விடுகிறது. களத்தில் வெற்றி என்று கொண்டாடப்படும் கட்டுப்பாட்டிலோ பூச்சி பழைய அளவில் சில விழுக்காட்டுக்குச் சுருங்குகிறது. அந்த அளவில் பூச்சிகளுக்குள் இட நெருக்கடியே இருக்காது. இல்லாத நெருக்கடி எதையும் நிலைநிறுத்தாது. குளவியால் பெரிய பயன் இல்லாத, பூச்சி பாதிதான் குறைந்த பயிரில் இதைப் பயன்படுத்தலாம்.

மூன்றாம் மாதிரி: தாக்குதல் சீராக இல்லை

மே 1978-இல் எதிர்மறை ஈருறுப்புப் பரவலை உள்ளே கொண்டுவந்தார். சில பூச்சிகளைப் பல குளவிகள் கண்டுபிடிக்கும். இலைமடிப்பிலும் உட்கிளையிலும் உள்ள சிலவற்றை எதுவும் கண்டுகொள்ளாது. தப்பும் பங்கு இப்போது

(1 + aP/k)^(−k)

k சிறிதானால் தாக்குதல் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று பொருள். k மிகப் பெரிதானால் முதல் மாதிரியே திரும்பிவிடும். சமநிலை: aP* = k(R^(1/k) − 1), H* = P*·R/(c(R−1)). அணிக்கோவை:

D = kR(1 − R^(−1/k))/(R−1)

k = 1 என்று இட்டால் D சரியாக 1, R எதுவானாலும். ஆகவே k ஒன்றுக்குக் கீழே இருப்பதே நிலைப்பு. k = 0.5 என்றால் aP* = 1.5, D = 0.75, T = 1.375. 1.375 < 1.75 < 2: நிபந்தனை முழுதும் நிறைவேறுகிறது. வீச்சு ஒவ்வொரு தலைமுறையும் 0.866 மடங்காகத் தணியும். அதே 24, 12-இல் தொடங்கினால் பூச்சி 5-ஆம் தலைமுறையில் 62-க்கு ஏறி, 10-இல் 37-க்கு இறங்கி, 44-ஐ நோக்கி அடங்குகிறது.

ஆக, 20 இருந்த இடத்தில் இப்போது 44. இரண்டு மடங்குக்கும் மேல். ஒளிந்திருக்கும் பூச்சிகள்தான் குளவியைப் பட்டினியிலிருந்து காக்கின்றன, அவைதான் பயிரையும் தின்கின்றன. பொருளாதாரச் சேத நிலை 30 என்றால் இது நிலையான தோல்வி.

| | நிக்கல்சன்–பெய்லி | இட நெருக்கடி (K = 200) | திட்டுத் தாக்குதல் (k = 0.5) |
|---|---|---|---|
| பூச்சி H* | 20.4 | 20 | 44 |
| D | 1.386 | 1.29 | 0.75 |
| முடிவு | உடையும் | உடையும் | அடங்கும் |

இதற்கு ஒரு வழி உண்டு, அதை D-யின் சூத்திரத்திலேயே காணலாம்: அங்கே a இல்லை. மூன்றாம் மாதிரியில் தேடும் திறன் இரட்டிப்பான குளவியைத் தேர்ந்தால் பூச்சி 44-இலிருந்து 22-க்கு இறங்கும், நிலைப்பு இம்மியும் மாறாது. k-ஐத் தொட்டால் இரண்டும் சேர்ந்தே மாறும். அதனால் குளவி இனங்களை ஒப்பிடும்போது a, k இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மொத்தத் தாக்குதல் விழுக்காடு என்ற ஒற்றை எண் இரண்டையும் குழப்பிவிடும். a-ஐ ஏற்றினால் P*-உம் பாதியாகும் என்பதையும் மறக்கக் கூடாது. சிறு பரப்பில் குளவி ஒற்றை இலக்கத்துக்கு வந்தால், சமன்பாடு நிலைப்பு என்று சொன்னாலும் தற்செயலாகவே அது அற்றுப்போகலாம்.

k-ஐ அளப்பது

என்கார்சியா தாக்கிய வெள்ளை ஈயின் இளம் பருவம் கறுத்துவிடும் என்பதால் எண்ணுவது எளிது. ஆறு செடிகளில், செடிக்கு 40 பூச்சி பார்த்ததில், தப்பியவை 38, 36, 34, 30, 16, 4 என்று வைத்துக்கொள்வோம் (எடுத்துக்காட்டு எண்கள்தாம்). ஒவ்வொரு செடியிலும் அபாயம் = −ln(தப்பிய பங்கு): 0.05, 0.11, 0.16, 0.29, 0.92, 2.30. சராசரி 0.638, மாறுபாடு 0.765. மாறுபாட்டைச் சராசரியின் இருமடியால் வகுத்தால் 1.88. இது ஒன்றைத் தாண்டினால் நிலைப்பு. அதன் தலைகீழி k, ஏறக்குறைய 0.53. சரிபார்க்க, (1 + 0.638/0.53)^(−0.53) = 0.66. எண்ணியதிலோ 240-இல் 158 தப்பின, அதுவும் 0.66.

தவறு வரும் இடங்கள் மூன்று. ஒரு செடியில் ஒன்றுகூடத் தப்பாவிட்டால் மடக்கை முடிவிலியாகிக் கணக்கு நின்றுவிடும். செடிக்கு ஐந்தாறு பூச்சி மட்டும் எண்ணினால், வெறும் மாதிரிப் பிசகே மாறுபாட்டை ஊதிப் பெருக்கி, இல்லாத நிலைப்பைக் காட்டும். தாக்கி சில நாள்களே ஆன பூச்சி இன்னும் கறுத்திருக்காது. அதைத் தப்பியதாக எண்ணினால் அபாயம் குறைவாகத் தெரியும்.

கணினியில் ஓட்டும்போது

```python
R, a, c, k = 2, 0.068, 1, 0.5
H, P = 24, 12
for t in range(1, 21):
    f = (1 + a*P/k)**(-k)
    H, P = R*H*f, c*H*(1 - f)
    print(t, round(H, 1), round(P, 1))
```

k-ஐ 100000 ஆக்கினால் முதல் மாதிரியின் எண்கள் வரும். H, P இரண்டையும் ஒரே வரியில் புதுப்பிப்பதற்குக் காரணம் உண்டு. முதலில் H-ஐ மாற்றிவிட்டு, அந்தப் புது H-ஐ வைத்தே P-ஐக் கணக்கிட்டால் சமநிலை எண்கள் அப்படியே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் முதல் மாதிரியின் D, 1.386-இலிருந்து ln R/(R−1) = 0.693-க்கு விழுந்துவிடும். ஒருபோதும் நிலைக்காத மாதிரி அழகாக அடங்குவதாகத் திரையில் தெரியும். நிக்கல்சன்–பெய்லி நிலைப்பதாக யாராவது வரைபடம் காட்டினால் முதலில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

மூன்று மாதிரிகளும் தலைமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கலக்காமல் வருவதாகவே கொள்கின்றன. ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் குளிர்கால அந்துப்பூச்சிக்கு இது பொருந்தும். முட்டை, இளம் பருவம், முதிர்ந்தது எல்லாம் ஒரே கிளையில் ஒரே நாளில் காணப்படும் செதில் பூச்சிக்குப் பொருந்தாது. அங்கே எந்தப் பருவத்தைக் குளவி தாக்குகிறது, எந்தப் பருவம் அதன் கொடுக்குக்கு எட்டாதது என்பதே நிலைப்பைத் தீர்மானிக்கக்கூடும். அதற்குத் தொடர்நேரத்தில் பருவம் பிரித்து எழுதும் மாதிரிகள் வேண்டும்.