பித்தளைத் தகடு ஒட்டிய "பிரைமஸ்" ஸ்டவ்: வாங்குமுன் படியுங்கள்

"1892 சுவீடன் பிரைமஸ், சத்தம் போடாத பர்னர், ஒரிஜினல் தகட்டுடன்" என்று விளம்பரம் போட்டு, ஒரு பழம்பொருள் வியாபாரி என்னிடம் 7,500 ரூபாய் வாங்கினார். பார்சலில் வந்தது வேறு கதை.

பிரைமஸ் என்ற சுவீடன் பம்ப் ஸ்டவ் நிறுவனம் 1892-ல் தொடங்கியதால், கையில் எது கிடைத்தாலும் அந்த வருடத்தைச் சொல்லி விற்பது வழக்கமாகிவிட்டது. உண்மையான பிரைமஸில் பெயரைத் தொட்டியின் பித்தளையிலேயே அச்சு குத்தியிருப்பார்கள். 1911 முதல் அடிப்பக்கத்தில் வருடத்தைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. அடிக்கடி தேய்த்துத் துலக்கியதில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், அதுவே நல்ல அடையாளம். எனக்கு வந்ததில் அடி மொட்டை. பெயர் இருந்தது, பக்கவாட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்த புதுத் தகட்டில் மட்டும்தான்.

அந்தத் தகடு ஏன் அங்கே இருக்கிறது என்பதுதான் சங்கதி. எண்ணெய் ஊற்றாமல், மூடியையும் காற்றுத் திருகையும் இறுக்கி, பத்துப் பதினைந்து தடவை பம்ப் அடித்து வாளித் தண்ணீரில் முக்கினேன். தகட்டின் கீழ் ஓரத்திலிருந்து வரிசையாகக் குமிழி. ஓட்டையை அடைத்து, அதன் மேல் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்! பற்றவைத்த ஈயம் சூட்டில் இளகும். எரிகிற பர்னருக்குக் கீழே அழுத்தத்தில் மண்ணெண்ணெய் பீறிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பர்னர். இரைச்சல் பர்னரில் நிப்பிளிலிருந்து வரும் ஆவி மேலே உள்ள தட்டில் மோதி உஸ்ஸென்று எரியும். சத்தமில்லாததில் துளை போட்ட மூடி இருக்கும், அதற்குள் இன்னொரு சின்ன மூடி. இரண்டும் இருந்தால்தான் நீலச் சுடர் சீராக வரும். எனக்கு வந்ததில் உள்மூடியே இல்லை, கழுத்தில் "இந்தியா" என்ற முத்திரை வேறு. திருகு மறை ஒத்துப்போனால் ஒரு ஸ்டவ்வின் பர்னரை இன்னொன்றில் மாட்டிவிடலாம். அதனால் பர்னரை வைத்துத் தொட்டியை எடைபோடாதீர்கள், இரண்டின் முத்திரையையும் தனித்தனியாகப் படியுங்கள்.

விலைக்கு வருவோம். சாதாரண பிரைமஸ் ஒன்றாம் எண் மாடல், முழு உதிரியோடு, ஒழுகாமல் இருந்தால் நான் கவனித்த பிரிட்டன் ஏலங்களில் பெரும்பாலும் 20 முதல் 50 பவுண்டுக்குள்தான் போனது. அசல் தகரப் பெட்டி இருந்தால் கூடும். ஒட்டுப்போட்ட தொட்டிக்கு இங்கே பித்தளை எடை விலைதான். பழைய இரும்புக் கடையில் எனக்குச் சொன்னது 800 ரூபாய்.

பணம் அனுப்பும் முன் அடிப்பக்கப் படமும், மூடியைக் கழற்றிய பர்னர் படமும், தண்ணீரில் முக்கிய வீடியோவும் கேளுங்கள். தகடு இருந்தால் அதன் ஓரத்தை நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். இந்த வியாபாரி "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லி என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதே வார்த்தைகளோடு இன்னொரு ஸ்டவ்வுக்கு நேற்று விளம்பரம் போட்டிருக்கிறார், விலை 8,500.