கார் இன்சூரன்ஸ் போட்ட கடையில் 6,850 ரூபாய் போச்சு, அது தெரிந்ததே டிராபிக் போலீஸ் நிறுத்தியபோதுதான்

நேற்று நடந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபி, சத்தி, பவானி பக்கம் ஏஜென்ட் கடையில் வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

அம்மாவுக்குக் கண் காட்ட ஈரோடு போய்விட்டுத் திரும்பி வருகிறேன். ஊர் எல்லையில் பேரிகார்டு போட்டு ஒரு எஸ்.ஐ.யும் மூன்று போலீஸ்காரர்களும் நின்றார்கள். கை காட்டினார்கள், இடதுபக்கம் ஒதுக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கேட்டது எப்போதும் கேட்கிற நாலுதான்: லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. லைசென்ஸும் ஆர்சியும் போனில் DigiLocker-இல் இருந்தன, காட்டினேன், பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். புகைச் சான்று போன மாதம்தான் எடுத்தது. இன்சூரன்ஸை மட்டும் டேஷ்போர்டில் இருந்து பெருமையாக எடுத்து நீட்டினேன். லேமினேஷன் போட்டு, கம்பெனி முத்திரை, பாலிசி நம்பர், என் பெயர், வண்டி நம்பர் எல்லாம் பளிச்சென்று இருக்கும்.

எஸ்.ஐ. அதை வாங்கவே இல்லை. கையில் இருந்த சலான் மிஷினில் வண்டி நம்பரை அடித்தார். "இன்சூரன்ஸ் ஆகஸ்ட் 11-ஓட முடிஞ்சிருச்சுங்க" என்றார். இல்லைங்க சார், ஆகஸ்ட் 9-ஆம் தேதியே புதுப்பித்துவிட்டேன், இதோ பாருங்கள் என்று பேப்பரைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறேன். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன், அது என் தப்பு. பக்கத்தில் நின்ற வயதான ஏட்டு ஒருவர் என் தோளில் கை வைத்து, "தம்பி, சத்தம் போட்டு என்ன ஆகப்போகுது, பாலிசி எடுத்து ரெண்டு மாசம் ஆச்சுங்கிறீங்க, இன்னுமா ஏறாம இருக்கும்? அந்தக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேளுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அங்கேயே நின்று கூப்பிட்டேன். பேப்பரில் இருந்த நம்பருக்கு இல்லை, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருந்த நம்பருக்கு. பாலிசி நம்பரைச் சொன்னதும் அந்தப் பெண் கேட்டார்: "சார், இது டூ வீலர் பாலிசி ஆச்சே?" பாலிசி நம்பர் நிஜம். ஆனால் அது யாரோ ஒருவருடைய ஸ்கூட்டருக்குப் போட்டது. அந்த பிடிஎஃப்பை எடுத்து என் பெயர், என் கார் நம்பர், என் இன்ஜின் நம்பர் எல்லாம் மாற்றி அடித்துத் தந்திருக்கிறான். அம்மா பின்சீட்டில் இருந்து "என்ன கண்ணு ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவில் சலான், 2,000 ரூபாய். இன்னொரு முறை மாட்டினால் 4,000. எஸ்.ஐ.யைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி விவரம் அரசாங்கக் கணினியில் சரிபார்க்கக் கிடைத்தால் காகிதம் கேட்க வேண்டாம் என்று 2020 அக்டோபரில் இருந்து விதியே இருக்கிறது. நமக்கு வசதி என்று நினைத்த அதே விதி, போலிக் காகிதத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

இப்போது அந்தக் கடைக்கு வருகிறேன். புகைச் சான்று, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஆதார் திருத்தம் என்று போர்டு நிறைய எழுதி வைத்திருக்கும் ஒரு சின்னக் கடை. ஆகஸ்டில் போனபோது உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். எந்த ஊருங்க என்று கேட்டு, எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அட நம்ம பக்கந்தானுங்களா அண்ணா, எங்க அத்தையை அங்கதான் குடுத்திருக்குது" என்றான். அவ்வளவுதான், அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. "வெளியில ஃபுல் கவருக்கு ஒம்பதாயிரம் கேப்பாங்க, நம்ம கோட்டாவுல 6,850-க்கு முடிச்சுத் தர்றேனுங்க" என்றான். ஆர்சியைப் போட்டோ எடுத்தான். பணத்தை எங்கே போடுவது என்றதற்கு மேசையில் ஒட்டியிருந்த ஜிபே ஸ்டிக்கரைக் காட்டினான். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்தது கம்பெனிப் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். பார்த்தேன், பார்த்துவிட்டும் போட்டேன். 6,850 ரூபாய். அரைமணி நேரத்தில் பேப்பர் கையில், லேமினேஷன் இலவசம்.

நேற்று சாயங்காலமே கடைக்குப் போனேன். முதலில், "சர்வர்ல ஏறலைங்கண்ணா, ரெண்டு நாள்ல வந்துரும்" என்றான். புதுப் பாலிசி அரசாங்கத் தளத்தில் ஏற சில நாள் ஆகும் என்பது உண்மைதான், அந்த உண்மையை வைத்துத்தான் இவன் பிழைக்கிறான். இரண்டு மாதம் ஆயிற்றே என்றதும், "மேல ஏஜென்ட் ஒருத்தர் போட்டுக் குடுத்ததுங்க, அவருகிட்டக் கேக்கோணும்" என்றான். அவர் நம்பரைக் கொடு என்றால் இல்லை. ஸ்கூட்டர் பாலிசி என்று கம்பெனியில் சொன்னதைச் சொன்னேன், முகம் செத்துப்போனது, "நாளைக்கு வாங்கண்ணா பேசிக்கலாம்" என்று எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். இன்று காலை போனேன், கடை பூட்டு. போன் போட்டால் எடுக்கவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க" என்கிறார்.

6,850 ரூபாயும் 2,000 அபராதமும்கூடப் போகட்டும். இரண்டு மாதமாக இன்சூரன்சே இல்லாமல் அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பெருந்துறை ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். யார் மேலாவது இடித்திருந்தால் எந்தக் கம்பெனியும் எனக்காக நயா பைசா கட்டியிருக்காது, நஷ்ட ஈடு முழுக்க என் தலையில், தோட்டத்தை விற்றுத்தான் கட்டியிருக்க வேண்டும். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

நேற்று ராத்திரியே கம்பெனித் தளத்தில் நேரடியாகப் போட்டுவிட்டேன். நடுவில் விட்டுப்போனதால் ஃபுல் கவருக்கு வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள், அதனால் அவசரத்துக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும். என் கார் 1,197 சிசி, 1,000-த்துக்கு மேல் 1,500 வரைக்கும் 3,416 ரூபாய், 18 சதவீத வரி சேர்த்து 4,031. எந்தக் கம்பெனியிலும் அந்த அடிப்படைத் தொகை ஒன்றுதான், இந்த அளவு சிசி காருக்கு அதற்கும் கீழே இன்சூரன்ஸ் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், அவசரமாகச் சொல்கிறேன். பாலிசி எடுத்து ஒரு வாரம் கழித்து mParivahan ஆப்பில் உங்கள் வண்டி நம்பரை அடித்து "Insurance Upto" என்ற இடத்தில் புதுத் தேதி வந்திருக்கிறதா என்று பாருங்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள், கம்பெனி லிங்க்கில் கட்டுங்கள். போலீஸ் நிறுத்தினால் என்னைப்போலக் கத்தாதீர்கள், மிஷினில் என்ன காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள், அபராதம் என்றால் சலான் நம்பர் வாங்குங்கள், ரசீது இல்லாமல் கையில் காசு கொடுக்காதீர்கள். பணம் போனவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் இரண்டு மாதம் கழித்துத்தான் கூப்பிட முடிந்தது.

அந்த லேமினேஷன் பேப்பரும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சத்தம் போட்டுவிட்டுப் போன அந்த இரண்டு பேர் இதைப் படித்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.