செப்டம்பரில் வந்த மேலாளர், டிசம்பரில் எழுத வேண்டிய மதிப்பீடு: எந்த வழி நியாயமானது?

செப்டம்பரில் ஒரு குழுவின் பொறுப்பு கைக்கு வருகிறது. டிசம்பர் நடுவில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களை மனிதவளப் பிரிவு கேட்கிறது. தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்துதான் உயர்ந்தது. அந்தத் தரத்தை வைத்துத்தான் போனஸ். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் போனஸைக் கட்டாயமாக்கவில்லை. ஒப்பந்தமும் நிறுவனத்தின் முடிவும்தான் அதை நிர்ணயிக்கின்றன. அதனால் புதிய மேலாளர் எழுதும் நான்கு வரி ஒருவருடைய குடும்பத்தின் ஓராண்டு வரவைத் தொடுகிறது. ஆனால் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நடந்த எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

இந்த நிலையில் மேலாளர்கள் பொதுவாக நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: போன ஆண்டின் தரத்தை அப்படியே போடுவது, தாம் பார்த்த மாதங்களை மட்டும் மதிப்பிடுவது, ஊழியரின் சுயமதிப்பீட்டை நம்புவது, முந்தைய மேலாளரைக் கேட்பது.

முதல் வழியை உடனே ஒதுக்கிவிடலாம். போன ஆண்டின் தரம் போன ஆண்டின் வேலைக்கு. இன்னும் சொன்னால், சொந்த வரைவை எழுதி முடிக்கும்வரை பழைய கோப்பைத் திறக்காமல் இருப்பதே நல்லது. '2' என்ற எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஊழியரின் ஒவ்வொரு தாமதமும் அந்த எண்ணுக்குச் சாட்சி சொல்வதுபோலவே தோன்றும்.

பார்த்த மாதங்களை மட்டும் மதிப்பிடுவது நேர்மையானதாகத் தெரிகிறது. 'எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். சாங்கி பக்கம் இருக்கும் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விமானச் சரக்குக்கு ஆண்டின் கடைசி மாதங்கள் உச்ச நெரிசல். அந்த நெரிசலில் துள்ளி ஓடுகிறவர் மேலாளரின் கண்ணில் படுவார். பிப்ரவரியில் தணிக்கைக்காகப் பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வைத்தவர் படமாட்டார். ஆண்டு முழுவதற்குமான போனஸை ஒரே பருவத்தின் வேலை தீர்மானித்துவிடும். ஆகவே இது படிவத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம், முழுப் படிவமாக இருக்கக் கூடாது.

சுயமதிப்பீட்டின் சிக்கல் வேறு. எழுதத் தெரிந்தவருக்கும் செய்யத் தெரிந்தவருக்கும் அங்கே போட்டி நடக்கிறது. ஒருவர் ஒரு பக்கம் நிரப்பி, 'புதிய மருந்து நிறுவனத்தை வாடிக்கையாளராக இணைத்தேன்' என்கிறார். மின்னஞ்சல்களைப் பார்த்தால் அந்த வேலையில் மூன்று பேர் இருக்கிறார்கள். இன்னொருவர், தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகில்லை என்று வளர்ந்தவர், 'கொடுத்த வேலையைச் செய்து முடித்தேன்' என்று அரை வரியோடு நிறுத்திக்கொள்கிறார். இருவருக்கும் ஒரே கேள்வியை வைத்தால் இடைவெளி குறையும்: இந்த ஆண்டில் நீங்கள் செய்த மூன்று வேலைகளைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் எந்த மாதம், என்ன முடிவு, யார் உடனிருந்தார்கள் என்றும் சொல்லுங்கள். அரை வரி எழுதியவரும் நேரில் உட்கார வைத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்.

இனி நான்காவது வழி. பெரும்பாலானோர் இதைத்தான் தேடிப் போகிறார்கள்; இது தவறாகப் போகும் இடமும் மிக நுட்பமானது.

அதே நிறுவனத்தில் ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிக்கும் ஓர் ஊழியர். முந்தைய மேலாளர் வேறு பிரிவுக்கு மாறி, அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருக்கிறார். புதியவர் போய், "இவருக்கு என்ன தரம் கொடுக்கலாம்?" என்று கேட்கிறார். "நல்ல மனிதர்தான், கொஞ்சம் மெதுவானவர். மூன்று போடுங்கள்" என்று பதில் வருகிறது. உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் கேட்டதே தரத்தைத்தான். தரம் என்பது முடிவு. அதன் பின்னால் இருந்த காரணம் இரண்டு மாடி மேலேயே தங்கிவிட்டது.

கேள்வியை இப்படி மாற்றினால் என்ன ஆகும்: "மெதுவானவர் என்று உங்களுக்கு எப்போது தோன்றியது? எந்த வேலையில்?" அவர் சற்று யோசித்து, "ஜூலையில். அந்த மாதம் அவர் போட்ட அனுமதிகள் பாதியாகக் குறைந்துவிட்டன" என்கிறார். இப்போது சரிபார்க்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

சிங்கப்பூரில் சுங்க அனுமதி விண்ணப்பங்கள் டிரேட்நெட் என்ற மின்முறை வழியாகப் போகின்றன. யார் அனுப்பினார் என்பது பதிவில் இருக்கும். பதிவு சொல்வது இது: வழக்கமாக 22 வேலை நாள் உள்ள மாதத்தில் அவர் சுமார் 220 விண்ணப்பங்களை அனுப்புகிறார், நாளுக்கு 10. ஜூலையில் 118 மட்டுமே. முந்தைய மேலாளர் சொன்ன எண் பொய்யில்லை. ஆனால் விடுப்புப் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஜூலையில் 10 வேலை நாள்கள் அவர் தேசிய சேவை முகாம் பயிற்சியில் இருந்திருக்கிறார். மீதமிருந்த 12 நாளில் 118 என்றால் நாளுக்கு ஏறக்குறைய 10. அவர் வேகம் குறையவே இல்லை. எட்டு மாத நினைவில் 'பாதி' தங்கிவிட்டது, 'பயிற்சி' உதிர்ந்துவிட்டது. மகப்பேற்று விடுப்பில் போய் வந்தவர்களுக்கும் இதே அநியாயம் நடக்கிறது, முந்தைய மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அனுப்பிய பிறகு எத்தனை விண்ணப்பங்கள் திருத்தப்பட்டன என்று பார்த்தால் கவனம் தெரியும். அங்கும் காரணத்தைப் படிக்க வேண்டும்: பொருளின் வகைப்பாட்டு எண் தவறானதால் திருத்தினால் அது அனுப்பியவரின் பிழை, வாடிக்கையாளர் விலைப்பட்டியலை மாற்றியதாலோ விமானம் மாறியதாலோ திருத்தினால் அது அவர் தலையில் விழக் கூடாது. நியாயமான வேலை நியமன நடைமுறைகள் பற்றிய சிங்கப்பூரின் முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் அளவிடக்கூடிய தரங்களைக் கொண்டு மதிப்பிடும்படி சொல்கின்றன. அளந்தது எதை என்று தெரியாமல் அளப்பதில் பயனில்லை.

ஆகவே என் தீர்ப்பு முந்தைய மேலாளரின் பக்கமே, ஆனால் அவரை மூன்றாவதாகத்தான் கேட்க வேண்டும். முதலில் ஊழியரின் மூன்று வேலைகள், பிறகு பதிவுகள், அதன் பிறகு அவர். அவரிடம் கேட்பது சம்பவங்களை, தரத்தை அல்ல. அதை மின்னஞ்சலில் எழுதி வாங்குவது நல்லது. காரணம், பல நிறுவனங்களில் மேலாளர்கள் ஒன்றுகூடித் தரங்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் கூட்டம் ஒன்று உண்டு. உயர்ந்த தரங்கள் இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு இருந்தால், அங்கே ஓராண்டு பார்த்த மேலாளரின் குரலுக்கு முன்னால் மூன்று மாதம் பார்த்தவரின் குரல் எடுபடாது. நாளும் விவரமும் உள்ள ஒரு சம்பவம் எடுபடும். அதைக் கொண்டு வராத மேலாளரின் குழுவினர்தான் முதலில் கீழே தள்ளப்படுவார்கள். அதற்கு அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை.

படிவத்தில் இரண்டு காலத்தையும் தனித்தனியாக எழுதலாம்: 'ஜனவரி–ஆகஸ்ட்: பதிவுகள், முந்தைய மேலாளரின் குறிப்பு ஆகியவற்றின் அடிப்படையில். செப்டம்பர்–டிசம்பர்: நேரில் பார்த்தது.' நம் ஏற்றுமதி ஊழியருக்கு இந்த முறையில் நான்கு வருகிறது. நெரிசல் மாதங்களில் அவர் புதியவர் ஒருவருக்கும் வேலை கற்றுக்கொடுத்ததை மேலாளரே பார்த்திருக்கிறார். முதல் எட்டு மாதங்களில் அவருடைய பிழையால் வந்த திருத்தங்கள் சொற்பம். அவருடன் பேசும்போதும் எந்தப் பகுதி யாருடைய கண்ணால் பார்த்தது என்று சொல்லிவிட வேண்டும். விடுபட்டதை அவரே எடுத்துக் கொடுக்க அப்போதுதான் வழி இருக்கும்.

முந்தைய மேலாளர் நிறுவனத்தையே விட்டுப் போய்விட்டால் இந்த வழி பாதி அடைபட்டுப்போகும். அப்போது அரையாண்டு மதிப்பீட்டுக் குறிப்பு இருந்தால் அதுவும், ஊழியருடன் அன்றாடம் வேலை செய்யும் கிடங்குப் பொறுப்பாளரும், வாடிக்கையாளரின் தொடர்பாளரும்தான் மிச்சம். அவர்களிடமும் அதே கேள்விதான்: எப்போது, எந்த வேலையில்? விவரம் கிடைக்காத மாதங்களுக்கு, 'போதிய பதிவு இல்லை' என்று எழுதி, அந்த வெற்றிடம் தரத்தைக் குறைக்கக் கூடாது என்று மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.