அச்சகத்துக்கு ஒரு திருத்தம்: போனா, வட்டமா, இரண்டு வரியா?

தங்கை மகளின் திருமண அழைப்பிதழ் மாதிரி வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. வள்ளியூர் என்ற பெயர் அதில் மூன்று இடங்களில் இருந்தது: மணமகனின் தாத்தா பெயருக்கு முன்னால், பெற்றோர் முகவரியில், மண்டப முகவரியில். நடுவில் இருந்தது மட்டும் "வல்லியூர்" ஆகியிருந்தது. ஒரே ஒரு பிழைதான். அதை அச்சகத்தாரிடம் எப்படிச் சொல்வது என்பதில் வீட்டில் மூன்று கட்சிகள்.

அத்தான் போன் கட்சி. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார். ஆனால் திருத்த வேண்டியதே ல, ள வேறுபாடு. பேச்சில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கிறோம். பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் எது கேட்டிருக்கும்? "பள்ளியில் வருகிற ள" என்று சொல்லலாம், பலன் தரும். இருந்தாலும் பேசியதற்குச் சாட்சி இல்லை. ஐந்நூறு அழைப்பிதழ்களும் தவறாக அச்சாகி வந்தால், யார் என்ன சொன்னார்கள் என்பதில்தான் தகராறு தொடங்கும். குரல் பதிவிலும் ல, ள சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

தங்கை வட்டக் கட்சி. படத்திலேயே விரலால் சிவப்பு வட்டம் போட்டுவிட்டாள். இடத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. போனால் முடியாதது இது. ஆனால் வட்டம் "எங்கே" என்று மட்டுமே சொல்கிறது, "என்ன" என்று சொல்வதில்லை. தட்டச்சு செய்தவர் கண்ணுக்கு வல்லியூர் சரியாகவே தெரிந்திருக்கிறது. இல்லையென்றால் அப்படி அடித்திருக்கவே மாட்டார். வட்டத்தைப் பார்த்துவிட்டு, எழுத்து சிறிதாக இருக்கிறது என்று நினைத்துப் பெரிதாக்கி அனுப்பினாலும் ஆச்சரியப்பட முடியாது.

நான் எழுத்துக் கட்சி. அதிலும் முதலில் எழுதியது உருப்படியாக இல்லை:

"அண்ணே, மாதிரி ஓகே. வள்ளியூர் ஸ்பெல்லிங் மட்டும் தப்பு, மாற்றி அச்சிட்டுவிடுங்கள்."

இதில் இரண்டு ஓட்டைகள். எந்த வள்ளியூர் என்று இல்லை; முதல் இடத்தைப் பார்த்துவிட்டு, "சரியாகத்தானே இருக்கிறது" என்று அவர் விட்டுவிடலாம். இரண்டாவது, "ஓகே" என்ற சொல். அச்சகத்தில் அதற்கு ஒரே பொருள், அச்சுக்குப் போகலாம் என்பது. திருமண மாதத்தில் நாற்பது பேரின் செய்திகள் குவிந்து கிடக்கும்போது கண் முதலில் அதைத்தான் பிடிக்கும். மாற்றி எழுதியது இது:

"அண்ணே, வணக்கம். உள்பக்கம், பெற்றோர் முகவரியில் இரண்டாவது வரி.
தவறு: வல்லியூர்
சரி: வள்ளியூர் (ள் + ளி, இரண்டு எழுத்தும் மாறும்)
மற்ற இரண்டு இடங்களிலும் சரியாக இருக்கிறது. வேறு மாற்றம் இல்லை. திருத்திய படத்தை அனுப்புங்கள். பார்த்துச் சொன்ன பிறகு அச்சிடுங்கள்."

பிழையும் திருத்தமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் வேறுபாடு கண்ணில் படுகிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. நம் போனில் இருக்கும் யூனிகோடு எழுத்தை அங்கே ஒட்டினால் கட்டங்களோ கேள்விக்குறிகளோதான் வரும். அதனால் அவர் நம் செய்தியைப் படித்துக் கையால் அடிக்கிறார். பாமினியில் ல என்பது y விசை, ள என்பது s விசை. இரண்டும் அருகருகே இல்லை. ஆகவே இது விரல் தவறியது அல்ல, காது சொன்னதை அடித்தது. அதே காது மறுபடியும் ஏமாற்றும்.

"எப்படி அண்ணே இதைக் கவனிக்காமல் விட்டீர்கள்" என்ற வரியைத் தங்கை சேர்க்கச் சொன்னாள். நாங்கள் கொடுத்த கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த ள, சுழி மூடாமல் ல மாதிரியே இருந்தது. வரியைச் சேர்க்கவில்லை.

கடைசியில் வட்டமிட்ட படத்தின் கீழேயே இந்தக் குறிப்பையும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பினேன். தனித்தனியாக அனுப்பினால் இடையில் வேறொருவரின் அழைப்பு வந்து, படம் ஒரு பக்கமும் குறிப்பு ஒரு பக்கமுமாகப் போய்விடும். போனையும் விடவில்லை, "செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்" என்று சொல்வதற்கு மட்டும்.

அரை மணி நேரத்தில் படம் வந்தது. "வள்லியூர்" என்று இருந்தது. முதல் எழுத்தோடு நின்றுவிட்டார். என் குறிப்பில் "பார்த்துச் சொன்ன பிறகு" என்ற வரி இல்லாதிருந்தால் அதுவே அச்சாகியிருக்கும். "ளி" என்ற ஒற்றை எழுத்தைப் பெரிதாக எழுதி மறுபடி அனுப்பினேன். மூன்றாவது படத்தில் அந்த வரியை மட்டுமல்லாமல் அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும், பின்கோடு உட்பட, படித்துப் பார்த்த பிறகுதான் "அச்சிடலாம்" என்று அனுப்பினேன்.