பருப்பை நிறுத்தி, கோழியைக் கூட்டி: கவுட் வந்தவர் தட்டில் எதற்குப் பதில் எது?

அண்ணனுக்கு வயது 52. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வையின் ஓரம் பட்டாலே துடித்தார். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.6 என்று வந்தது. நார்மல்தான், சுளுக்காக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் குறைந்து காட்டுவது சகஜம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. வலி அடங்கி மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது டெசிலிட்டருக்கு 9.1 மில்லிகிராம்.

அன்றே வீட்டில் ஒரு தடைப்பட்டியல் தயாராகிவிட்டது. பருப்பு, தக்காளி, கீரை, காலிஃபிளவர், காளான் எல்லாம் நின்றன. வாரக் கடைசியில் குடித்துவந்த பீரையும் விட்டுவிட்டார். நாலு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அப்புறம் இரண்டாவது முறையும் அதே விரல், அதே வலி.

"பருப்பைக் கண்ணால்கூடப் பார்க்கலையே தம்பி, பிறகு எப்படி வந்துச்சு?" என்று அண்ணி கேட்டார். அதற்குப் பதில் தேட உட்கார்ந்தபோதுதான், நாங்கள் நிறுத்தியதை மட்டுமே கணக்கில் வைத்திருந்தோம் என்பது புரிந்தது. அந்த இடத்துக்கு வந்த உணவை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பருப்பு போன இடத்தில் தினமும் தோல் நீக்கிய கோழி வந்திருந்தது. பீர் போன இடத்தில் பெரிய டம்ளரில் பழ ஜூஸ் வந்திருந்தது. இந்த இரண்டு மாற்றங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தாலே முக்கால்வாசி விஷயம் விளங்கிவிடும்.

பருப்பா, கோழியா?

பியூரின் என்பது உயிரணுவின் மரபுப் பொருளில் இருக்கும் ஒரு கூறு. உடம்பு அதை உடைக்கும்போது கடைசியில் மிஞ்சுவது யூரிக் அமிலம். ஆகவே உயிரணுக்கள் நெருக்கமாக இருக்கும் உணவில் பியூரின் அதிகம். ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் அப்படிப்பட்டவை. குடலோடு முழுதாகத் தின்னும் சின்ன மீன்களும் அப்படியே. கருவாடாகக் காய்ந்தால் நீர் போய்விடுவதால் அதே எடையில் பியூரின் இன்னும் கூடும். முட்டை இதற்கு நேர் எதிர். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் மஞ்சள் கரு ஒரே ஒரு உயிரணுதான், அதனால் முட்டையில் பியூரின் இல்லை என்றே சொல்லலாம். பாலும் அதே வரிசை. "கவுட்டுக்கு முட்டை ஆகாது" என்ற பேச்சை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

இப்போது அண்ணனின் தட்டுக்கு வருவோம். காய்ந்த மசூர்ப் பருப்பு 100 கிராமில் சுமார் 75 மில்லிகிராம் பியூரின் இருக்கிறது. ஆனால் ஒரு வேளைக்கு ஒருவர் சாப்பிடுவது 40 கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால் கணக்கு 30 மில்லிகிராம்தான். கோழி நெஞ்சுக் கறியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 140. அவர் தினமும் சாப்பிட்டது 150 கிராம், அதாவது 210 மில்லிகிராம். உடம்புக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு 30ஐ விட்டு 210ஐ எடுத்திருக்கிறார். ஜப்பானின் கவுட் சிகிச்சை வழிகாட்டுதல் ஒரு நாள் முழுதுக்கும் சொல்லும் அளவு 400. அதில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் போய்விட்டது.

இதில் இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. எண்ணெய் வேண்டாம் என்று கோழியை வேகவைத்து, வெந்த தண்ணீரை சூப்பாகக் குடித்தார். பியூரின் தண்ணீரில் கரைந்து இறங்கும். கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டியிருந்தால் ஓரளவு குறைந்திருக்கும். எலும்பு சூப் மூட்டுக்கு பலம் என்று கவுட் நோயாளிக்குக் கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கெடுதல்.

எண்களோடு இது முடிந்துவிடுவதில்லை. தாவர பியூரினும் மாமிச பியூரினும் உடம்பில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 2004இல் அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு வந்தது. மிக அதிகமாக இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட கவுட் வரும் வாய்ப்பு 41 சதவீதம் கூடியிருந்தது. மீன் மற்றும் கடல் உணவில் அது 51 சதவீதம். பியூரின் உள்ள காய்கறிகளை நிறைய சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு கூடவே இல்லை. பால் பொருட்களை அதிகம் எடுத்தவர்களுக்கோ குறைந்திருந்தது.

ஏற்கெனவே கவுட் உள்ளவர்களிடம் தாவர பியூரின் அறவே பாதிக்காதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. இரண்டு நாட்களுக்குள் சாப்பிட்டவற்றை வைத்துக் கணக்கிட்ட 2012 ஆய்வில், மாமிச பியூரின் அதிகம் எடுத்தபோது மீண்டும் வலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.4 மடங்காக இருந்தது. தாவர பியூரினில் அது 1.4 மடங்கு. கீரையையும் பருப்பையும் அளவாகச் சாப்பிடுவதற்கு இது தடையாகாது. கோழிக்குப் பதில் பருப்பு என்றால் லாபம், பருப்புக்குப் பதில் கோழி என்றால் நஷ்டம். தக்காளியில் 100 கிராமுக்கு சுமார் 3 மில்லிகிராம் பியூரின்தான் இருக்கிறது. ஒருவருக்குத் தக்காளி சாப்பிட்ட மறுநாள் வலி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அவர் மட்டும் தவிர்க்கட்டும், வீட்டில் எல்லோரும் அதற்கு பயப்பட வேண்டியதில்லை.

பீரா, ஜூஸா?

பீரை விட்டது சரியான முடிவு. அதில் பியூரின் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஆல்கஹாலே யூரிக் அமில உற்பத்தியைத் தூண்டுவதோடு, சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் தடுக்கும். இரண்டு பக்கமும் அடி. முதன்முறை கவுட் வரும் வாய்ப்பைக் கூட்டுவதில் பீர் முதலிடம், விஸ்கி போன்றவை அடுத்து, ஒயின் கடைசி. ஆனால் இதை வைத்து "ஒயின் பரவாயில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. ஏற்கெனவே கவுட் உள்ளவர்களுக்கு எந்த வகை மது குடித்தாலும் அடுத்த 24 மணி நேரத்தில் வலி வரும் வாய்ப்பு கூடுகிறது, ஒயின் உட்பட.

ஆனால் பீரின் இடத்துக்கு வந்த ஜூஸை யாருமே சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அதில் பியூரின் கிடையாது. பியூரினை மட்டும் பார்த்தால் இந்த இடத்தில்தான் வழுக்கும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் ஈரலுக்குள் போனதும், அதைப் பதப்படுத்த உயிரணு தன் எரிபொருளான ஏடிபியை மளமளவென்று செலவழிக்கிறது. செலவானதில் ஒரு பகுதி உடைந்து யூரிக் அமிலமாகிறது. அதாவது, உடம்பின் சொந்தச் சரக்கிலிருந்தே பியூரின் வெளிவருகிறது. அரை லிட்டர் ஆரஞ்சு ஜூஸில் 40 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருக்கும், அதில் ஏறக்குறைய பாதி ஃபிரக்டோஸ். பாட்டில் குளிர்பானமும் இதே வழிதான். தினமும் இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புக் குளிர்பானம் குடித்த ஆண்களுக்கு, மாதத்துக்கு ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட கவுட் வாய்ப்பு 85 சதவீதம் கூடியதாக 2008இல் வந்த ஆய்வு சொல்கிறது. சர்க்கரையில்லாத குளிர்பானத்தில் அந்தத் தொடர்பு இல்லை.

பழத்தை அப்படியே தின்பது வேறு. ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் பிழிய வேண்டும், நாமோ ஒன்றைத் தின்றதும் நிறுத்திவிடுவோம். தாகத்துக்குத் தண்ணீர் போதும். சர்க்கரை போடாத காபியும் கெடுதல் செய்யாது.

பத்தியமா, மாத்திரையா?

அண்ணனுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இந்த ஒப்பீடுதான். "வாயைக் கட்டினால் போதும், மாத்திரை வேண்டாம்" என்பது அவர் பிடிவாதம். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நம் உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நம் சொந்த உயிரணுக்களிலிருந்து வருகிறது, உணவிலிருந்து வருவது ஒரு பங்குதான். எவ்வளவு கவனமாகப் பத்தியம் இருந்தாலும் குறைவது சுமார் 1 மில்லிகிராம். 9.1 என்பது 8.1 ஆகும். ஆனால் 6.8க்கு மேல் இருக்கும்வரை யூரிக் அமிலம் மூட்டில் ஊசிபோன்ற படிகமாகப் படிந்துகொண்டே இருக்கும். இலக்கு 6க்குக் கீழ்.

யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருக்கிறது, வலி ஒருபோதும் வந்ததில்லை என்றால் பொதுவாக மாத்திரை தேவைப்படாது. வருடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வந்தாலும், தோலடியில் கட்டி தெரிந்தாலும் நிலைமை வேறு. ஒரே வருடத்துக்குள் இரண்டு முறை வந்த அண்ணனுக்கு டாக்டர் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து 300 வரை கூட்டினார். கூடவே, வலி திரும்பாமல் தடுக்க, முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த அளவில் கோல்ச்சிசின்.

மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம் லேசாக மறுபடி வலித்தது. பலர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். பழைய படிகம் கரையத் தொடங்கும்போது இப்படி வலிக்கும். அதற்காக நிறுத்தக் கூடாது. ஆனால் தோலில் தடிப்போ அரிப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது.

இடையில் அவர் எடை குறைக்கிறேன் என்று மூன்று நாள் பட்டினி கிடந்ததையும் டாக்டர் கண்டித்தார். பட்டினியில் உண்டாகும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும். எடை குறைய வேண்டும்தான், ஆனால் மெதுவாக. ரத்த அழுத்தத்துக்கு அவர் எடுத்துவந்த மாத்திரை சிறுநீரைப் பிரிக்கும் வகை, அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியது. அவராக நிறுத்தாமல் டாக்டரிடமே காட்டியதால் வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஒன்பதாம் மாதம் அளவு 5.4. பருப்பும் தக்காளியும் கீரையும் தட்டுக்குத் திரும்பிவிட்டன. கோழி வாரத்தில் இரண்டு நாள், 100 கிராம், வெந்த தண்ணீர் சேராமல். ஈரல், கருவாடு, பீர், ஜூஸ் நான்கும் இல்லை. மாத்திரை தினமும் தொடர்கிறது.