மூன்றாவது கார்டுக்கும் நாலாவது கார்டுக்கும் நடுவில்

போன வாரம் தாம்பரம் ரயிலில் அலுவலகத் தம்பி ஒருவன் போனை நீட்டினான். மண்ணிவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறானாம், லோன் போட வேண்டும். "அண்ணா, நீங்க வாங்கின அதே பேங்க்தான். ஆப்ல எல்லாம் கார்டு கார்டா போட்டு விளக்கியிருக்கான். இதைப் படிச்சாப் போதுமா?" திரையில் அந்தப் பழைய நீல நிற ஸ்வைப் கார்டுகள். 2021-ல் நானும் என் மனைவியும் இரவு பதினோரு மணிக்கு இவற்றைத் தள்ளித் தள்ளிப் படித்திருக்கிறோம். அவனுக்கு ரயிலில் பதில் சொல்ல முடியவில்லை. குரோம்பேட்டையில் கூட்டம் ஏறிவிட்டது. அதனால் இங்கே.

கார்டுகள் மொத்தம் எட்டு. கடன் தொகை, முன்பணம், வட்டி, டெனியூர், இஎம்ஐ, ப்ராசஸிங் ஃபீஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு கார்டுக்கு நாலு வரி, ஒரு படம். தமிழிலும் உண்டு. மொழிபெயர்ப்பு வாடை கொஞ்சம் அடித்தாலும் என் அம்மா படித்துப் புரிந்துகொண்டார், அதுவே பெரிய விஷயம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் மனசு வராது. அந்த ப்ராசஸிங் ஃபீஸ் கார்டு அருமை. "இந்தக் கட்டணம் கடன் கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் திரும்ப வராது. எப்போது, எத்தனை தவணையாகக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள்." அவ்வளவுதான், மூன்று விநாடியில் படித்துவிடலாம். எங்களுக்கு 40 லட்சத்துக்கு அரை சதவீதம், அதாவது 20,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 23,600. கார்டைப் படித்திருந்ததால் கேட்டேன். விண்ணப்பத்தோடு 5,000-மும் வரியும் போதும், மீதி சாங்ஷன் ஆன பிறகு என்றார்கள். கேட்காதவர்களிடம் முழுசாக வாங்கிக்கொள்வார்கள் என்பது பக்கத்து மேஜையில் நடந்ததைப் பார்த்தே தெரிந்தது.

நாங்கள் முதலில் பார்த்தது செம்பாக்கத்தில் ஒரு மறுவிற்பனை ஃபிளாட். லீகல் பார்த்த வக்கீல் நடுவில் ஒரு தாய்ப்பத்திரம் இல்லை என்று சொல்லிவிட்டார். பேங்க் ஒதுங்கிக்கொண்டது. எங்களுக்குப் போனது 5,900 ரூபாய். அந்தக் கார்டு இல்லையென்றால் 23,600 போயிருக்கும். 17,700 மிச்சம். இதை இன்றைக்கும் மறக்கவில்லை.

சரி, இனி வயிற்றெரிச்சல்.

மூன்றாவது கார்டு வட்டி. "ஃப்ளோட்டிங் வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இணைக்கப்பட்டது. ரெப்போ மாறினால் உங்கள் வட்டியும் மாறும்." உண்மை. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. நாலாவது கார்டு டெனியூர். "கடனைத் திருப்பிக் கட்டும் காலம். காலம் நீண்டால் இஎம்ஐ குறையும்." அதுவும் உண்மை. கீழே ஒரு ஸ்லைடர் வேறு, இழுத்தால் இஎம்ஐ இறங்குவதைப் பார்க்கலாம். இரண்டும் தனித்தனியாகச் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கார்டு விட்டுப்போயிருக்கிறது: வட்டி ஏறும்போது பேங்க் இஎம்ஐயை ஏற்றுமா, மாதங்களை ஏற்றுமா? படிக்கும் ஆள் டெனியூரைத் தான் முடிவு செய்த விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார். 20 வருடம் என்று கையெழுத்துப் போட்டோம், 20 வருடம்தானே என்று நானும் நினைத்தேன்.

செப்டம்பர் 2021-ல் கடன் வாங்கினோம். 40 லட்சம், 240 மாதம். ரெப்போ அப்போது 4 சதவீதம், அதன் மேல் பேங்க் தனக்கென்று சேர்க்கும் ஸ்ப்ரெட் 2.75, ஆக 6.75. இஎம்ஐ 30,415. அக்டோபரில் போன முதல் தவணையில் வட்டி 22,500, அசல் 7,915. வட்டிக்குத்தான் முதல் மரியாதை. மீதிக் கடன் மேல் அந்த மாத வட்டியை முதலில் எடுத்துக்கொண்டு, இஎம்ஐயில் மிஞ்சுவதைத்தான் அசலில் கழிப்பார்கள். இந்த ஒரு வரி எட்டுக் கார்டில் எங்கும் இல்லை.

மே 2022-லிருந்து ரிசர்வ் வங்கி ரெப்போவை ஏற்ற ஆரம்பித்தது. எங்கள் கடனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீசெட், அதாவது அப்போதைய ரெப்போவுக்கு ஏற்ப வட்டியை மாற்றுவார்கள். ஜூலையில் 7.65 ஆனது. போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: வட்டி மாற்றப்பட்டுள்ளது, உங்கள் இஎம்ஐயில் மாற்றமில்லை. பரவாயில்லையே, நல்ல பேங்க் என்று மனைவியிடம் சொன்னேன். என்னத்தைச் சொல்வது. 231 ஆக இருந்த மீதித் தவணை அன்றைக்கே 273 ஆகிவிட்டிருந்தது. மூன்றரை வருடம், ஒரு மெசேஜில், அதுவும் மெசேஜில் சொல்லப்படாமல். அக்டோபரில் 8.65. மீதித் தவணை 364. வாங்கியபோது இருந்ததைவிட அதிகம். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு!

நான் பார்க்கவில்லை. இஎம்ஐ மாறவில்லை அல்லவா, எதற்குப் பார்க்க வேண்டும்? ஏப்ரல் 2023-ல் ஒரு வேலைக்காக ஸ்டேட்மென்ட் இறக்கினேன். ரெப்போ அப்போது 6.5, எங்கள் வட்டி 9.25. அந்த மாத வரியில் வட்டி 30,068, அசல் 347. முதலில் அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். மேலே போகப் போக அசல் பத்தியில் எண்கள் 1,100, 2,200, 5,400 என்று பெரிதாகிக்கொண்டே போயின. கீழிருந்து மேலாகப் படித்தபோதுதான் கதை புரிந்தது.

அன்று இரவு எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். மீதிக் கடன் 39,00,758. இதே இஎம்ஐயில் முடிய இன்னும் எத்தனை தவணை என்று NPER சொல்லும்.

```
=NPER(9.25%/12, -30415, 3900758)
```

விடை 583-க்குப் பக்கம். மாதங்கள். நாற்பத்தெட்டரை வருடம். எனக்கு அப்போது வயது 38. இதே சூத்திரத்தில் 9.5% என்று மாற்றிப் பாருங்கள், `#NUM!` என்று வரும். அந்த வட்டிக்கு 30,415 போதவே போதாது, கடன் முடியாது, கட்டக் கட்ட வளரும் என்று அர்த்தம். இன்னும் ஒரே ஒரு கால் சதவீதம் ஏறியிருந்தால் அங்கே நின்றிருப்போம்.

கிளைக்குப் போனேன். அங்கிருந்த மேடம் திட்டவில்லை, விரட்டவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். "சார், இஎம்ஐ ஏறாம பாத்துக்கிட்டோமே, நிறைய பேர் அதுக்கு தேங்க்ஸ் சொல்றாங்க" என்றார். அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரிகிறது. திடீரென்று மாதம் ஆறாயிரம் கூடக் கேட்டால் பாதிப் பேருக்கு செக் திரும்பும். ஆனால் கேட்டிருக்கலாம். பழைய முடிவுத் தேதியிலேயே கடன் முடிய என்ன கட்ட வேண்டும் என்று கேட்டேன். கணக்குப் போட்டு 36,810 என்றார். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், மே மாதத்திலிருந்து அதுதான். அந்த 6,395 ரூபாய்க்காக சீட்டு ஒன்றை நிறுத்தினோம், மகளின் கீபோர்டு வகுப்பு ஆறு மாதம் தள்ளிப் போனது. தாங்கக்கூடிய வலிதான். ஜூலை 2022-லேயே தெரிந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருப்போம் என்பதுதான் உறுத்தல்.

எங்களைப் போல நிறைய பேர் அலறியிருப்பார்கள் போல. 18 ஆகஸ்ட் 2023 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. ரீசெட்டின்போது இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவரிடம் பேங்க் கேட்க வேண்டும். காலத்தை நீட்டுவதால் அசல் வளரும் நிலை வரக் கூடாது. இதுவரை போன அசல், வட்டி, மீதித் தவணை எல்லாம் காட்டி மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்டேட்மென்ட் தர வேண்டும். ஆக, தம்பி, உனக்கு எங்களைவிடப் பாதுகாப்பு அதிகம். ஆனால் கேட்கிறார்கள் என்றால் எப்படி? ஆப்பில் ஒரு அறிவிப்பு வரும், உள்ளே போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் எங்கள் பேங்கில் தானாக மாதம்தான் நீளும். புதிதாக வாங்குகிறவருக்கு அந்த அறிவிப்பு எதைக் கேட்கிறது என்பதே புரியாது. புரிய வைக்க வேண்டிய இடம் அந்தக் கார்டு.

2025-ல் ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. இந்தத் தடவை இஎம்ஐ அப்படியே நிற்க, மாதங்கள் குறைந்தன. அதே விதி, எங்கள் பக்கம் சாய்ந்தது. நான் எதையும் தொடவில்லை. முன்கூட்டியே கொஞ்சம் அசலும் கட்டினேன். ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனுக்குத் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பதை எட்டாவது கார்டு சொல்கிறது, ஒழுங்காகவே சொல்கிறது.

ஆப்பில் இரண்டு முறை கருத்து எழுதினேன். நடுவில் போட வேண்டிய கார்டையே எழுதிக் கொடுத்தேன்: "வட்டி ஏறினால் இஎம்ஐ ஏறுமா, மாதம் ஏறுமா? நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாதம் ஏறும்." உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. தம்பியின் போனில் பார்த்த புதிய பதிப்பில் ஸ்லைடரை இழுத்தால் ஒரு சின்ன வீடு ஆடுகிறது. நாணயம் ஒன்று சுற்றுகிறது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

ஐந்துக்கு இரண்டு. ப்ராசஸிங் ஃபீஸ் கார்டுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து போடுவேன். 17,700 ரூபாய் சும்மா வராது. ஆனாலும் இரண்டுதான், இன்றைக்கு ஸ்டேட்மென்டை மறுபடி எடுத்துப் பார்த்ததில் இருக்கிற மனநிலைக்கு அதற்கு மேல் கை வரவில்லை.

எல்லாம் சொன்ன பிறகும் தம்பியிடம் எட்டுக் கார்டையும் படி என்றுதான் சொன்னேன். கூடவே ஏப்ரல் 2023 பக்கத்தைப் படம் எடுத்து, அசல் பத்தியில் வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"347-ஆ? பின்னாடி ஒரு சைபர் கட் ஆயிடுச்சாண்ணா?"